கட்டிய வரியிலிருந்து வருமானத்துக்கு: ஸ்லாப் கணக்கைத் தலைகீழாகப் போடுவது எப்படி?

ஓர் ஊழியரின் சம்பளச் சீட்டில் வருமான வரிப் பிடித்தம் மாதத்துக்கு 13,780 ரூபாய் என்று இருக்கிறது. ஆண்டு முழுவதும் இதே தொகை பிடிக்கப்படுகிறது. எந்த வருமானத்தின் மீது இந்த வரி கணக்கிடப்பட்டது என்பது சீட்டில் இல்லை. அதைக் கணக்குப் பிரிவைக் கேட்காமலே அறிந்துகொள்ள முடியும். வழக்கமாக வருமானத்தை வைத்து வரியைக் காண்கிறோம். இங்கே வரியை வைத்து வருமானத்துக்குப் போக வேண்டும். இந்தியாவின் 2025-26 நிதியாண்டுக்கான புதிய வரி முறையில் இதைச் செய்து பார்ப்போம்.

அந்த முறையில் முதல் 4 லட்சத்துக்கு வரி கிடையாது. அதற்கு மேல் ஒவ்வொரு 4 லட்சமும் ஓர் அடுக்கு. அடுக்குக்கு அடுக்கு விகிதம் 5, 10, 15, 20, 25 சதவீதம் என்று ஏறி, 24 லட்சத்தைத் தாண்டிய பகுதிக்கு 30 சதவீதமாகிறது. ஒரு விகிதம் தன் அடுக்குக்குள் விழும் பணத்தை மட்டுமே தொடும். கீழ் அடுக்குகளில் உள்ள பணத்தை அது தொடுவதில்லை. ஆகவே ஒவ்வொரு அடுக்கும் முடியும் இடத்தில், அதுவரை சேர்ந்திருக்கும் வரி ஒரு நிலையான தொகையாக இருக்கும். 8 லட்சத்தில் 20,000, 12 லட்சத்தில் 60,000, 16 லட்சத்தில் 1,20,000, 20 லட்சத்தில் 2,00,000, 24 லட்சத்தில் 3,00,000. தலைகீழ்க் கணக்குக்கு இந்த ஐந்து தொகைகளே மைல்கற்கள். நம் கையில் உள்ள வரி எந்த இரண்டு மைல்கற்களுக்கு நடுவே விழுகிறது என்று பார்த்தால், வருமானம் எந்த அடுக்கில் முடிந்தது என்பது தெரிந்துவிடும்.

ஆனால் அதற்கு முன்பே செய்யவேண்டியது ஒன்று உண்டு. வரியின் மேல் 4 சதவீதம் செஸ் கடைசியாகச் சேர்க்கப்பட்டிருக்கிறது. கடைசியில் சேர்ந்ததைத்தான் முதலில் கழற்ற வேண்டும். 13,780ஐ 12ஆல் பெருக்கினால் 1,65,360. இதை 1.04ஆல் வகுத்தால் 1,59,000. (தொகையில் 4 சதவீதத்தைக் கழிப்பது தவறு; செஸ் கணக்கிடப்பட்டது வரியின் மீதுதான், செஸ் சேர்ந்த தொகையின் மீதல்ல.) இந்த 1,59,000 ரூபாய் 1,20,000க்கும் 2,00,000க்கும் இடையில் இருப்பதால் வருமானம் 16 லட்சத்தைத் தாண்டி, 20 லட்சத்துக்குள் நிற்கிறது. மைல்கல்லைத் தாண்டிய வரி 39,000. அந்த 39,000 ரூபாய் 20 சதவீத விகிதத்தில் வந்தது என்பதால் அதை 0.20ஆல் வகுக்க வேண்டும், 1,95,000 கிடைக்கும். அதனை 16 லட்சத்தோடு கூட்டினால் வரிக்குரிய வருமானம் 17,95,000 ரூபாய்.

பலர் இங்கே மொத்த வரியையும் 20 சதவீதத்தால் வகுத்துவிடுகிறார்கள். அப்படிச் செய்தால் 7,95,000 என்று வரும். அது கீழ் அடுக்குகளே இல்லாதது போன்ற கணக்கு. செஸ்ஸை நீக்க மறந்தால் பிழை இவ்வளவு வெளிப்படையாகத் தெரியாது: 18,26,800 என்று, நம்பத்தகுந்த ஒரு தொகை வந்து நிற்கும். அதனால் கிடைத்த விடையை நேர்வழியில் ஒருமுறை போட்டுப் பார்ப்பது கட்டாயம். 17,95,000க்கு அடுக்கடுக்காக 20,000, 40,000, 60,000, 39,000 என்று கூட்டினால் 1,59,000 வருகிறது, செஸ்ஸோடு 1,65,360. கணக்கு பொருந்துகிறது.

இப்போது அந்த ஊழியரிடம் திரும்புவோம். அவருடைய மொத்த ஆண்டுச் சம்பளம் 18,70,000 என்றால் எல்லாம் சரி. சம்பளதாரருக்கான நிலையான கழிவு 75,000 போக 17,95,000தான் மிஞ்சும். அவருடைய மொத்தச் சம்பளமே 17,95,000 என்றால், நிலையான கழிவைக் கொடுக்காமல் வரி பிடிக்கிறார்கள் என்று பொருள். கழிவு கொடுத்திருந்தால் வரிக்குரிய வருமானம் 17,20,000, வரி செஸ்ஸோடு 1,49,760, மாதப் பிடித்தம் 12,480. மாதம் 1,300 ரூபாய் கூடுதலாகப் போகிறது. வெறும் 13,780ஐப் பார்த்துக்கொண்டிருந்தால் இது பிடிபடாது. வருமானமாக மாற்றிப் பார்க்கும்போது வித்தியாசம் துல்லியமாக 75,000 என்று வந்து, தவறு நடந்த இடத்தையே காட்டிக்கொடுக்கிறது. தலைகீழ்க் கணக்கின் உண்மையான பயன் இதுதான் என்பது என் எண்ணம்.

இந்த வழி ஓரிடத்தில் மட்டும் ஏமாற்றும். இந்தியாவில் வசிக்கும் ஒருவர், ஸ்லாப் விகித வருமானம் மட்டும் உள்ளவர், 27,040 ரூபாய் வரி கட்டியிருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். செஸ்ஸை நீக்கினால் 26,000. மைல்கற்களின்படி இது 20,000க்கும் 60,000க்கும் நடுவே வருகிறது. தாண்டிய 6,000ஐ 10 சதவீதத்தால் வகுத்தால் 60,000. எனவே வருமானம் 8,60,000. கணக்கில் பிழை எதுவும் இல்லை, ஆனால் விடை தவறு. 12 லட்சம் வரை வரிக்குரிய வருமானம் உள்ளவருக்கு 87ஏ பிரிவின் தள்ளுபடி முழு வரியையும் நீக்கிவிடுவதால், 8,60,000 ரூபாய் வருமானத்துக்கு வரியே கிடையாது.

அப்படியானால் 26,000 எங்கிருந்து வந்தது? 12 லட்சத்தைச் சற்றே தாண்டியவர் திடீரென்று 60,000க்கு மேல் கட்ட நேரிடும் அநியாயத்தைத் தவிர்க்க, விளிம்புநிலை நிவாரணம் என்ற ஏற்பாடு இருக்கிறது. 12 லட்சத்துக்கு மேல் எவ்வளவு சம்பாதித்தாரோ, அதைவிட அதிகமாக வரி இருக்கக் கூடாது என்பது அதன் விதி. எனவே அவருடைய உண்மையான வருமானம் 12,26,000. ஸ்லாப் கணக்குப்படி அவருக்கு 63,900 வந்திருக்கும். நிவாரணம் அதை 26,000ஆகக் குறைத்துவிட்டது. இந்தப் பகுதியில் வகுத்தலே தேவையில்லை: செஸ் நீக்கிய வரியை 12 லட்சத்தோடு கூட்டினால் போதும். ஏறத்தாழ 12,70,590 ரூபாய் வருமானத்தில் ஸ்லாப் வரியும் தாண்டிய தொகையும் சமமாகின்றன. ஆகவே செஸ் நீக்கிய வரி சுமார் 70,590க்குள் இருந்தால் கூட்டல் வழி, அதற்கு மேல் போனால் மைல்கல் வழி.

வரி பூஜ்யம் என்றால் தலைகீழ்க் கணக்குக்கு விடையே இல்லை. வருமானம் ஒரு ரூபாயாகவும் இருக்கலாம், 12 லட்சமாகவும் இருக்கலாம். வரி இருக்கும்போதும் விடை ரூபாய்க்கு ரூபாய் துல்லியமாக வராது. வருமானமும் வரியும் பத்தின் மடங்குக்கு முழுமையாக்கப்படுகின்றன. வரியில் 5 ரூபாய் இப்படி அப்படி இருந்தால், 15 சதவீத அடுக்கில் வருமானம் சுமார் 32 ரூபாய் நகரும். 30 சதவீத அடுக்கில் 16 ரூபாய்தான். விகிதம் குறையக் குறைய, வகுத்தல் சிறு பிழையைப் பெரிதாக்கும்.

கடைசியாக, எந்த ஆண்டு, எந்த முறை என்று தெரியாமல் இந்தக் கணக்கைத் தொடங்கவே முடியாது. அதே 1,59,000 ரூபாய் வரி, 60 வயதுக்குட்பட்டவருக்குப் பழைய முறையில் 11,55,000 வருமானத்தையும், 2024-25இன் புதிய முறையில் ஏறத்தாழ 15,63,330ஐயும் குறிக்கிறது. வருமானத்தில் பங்கு விற்ற லாபம் கலந்திருந்தால் அதற்குத் தனி விகிதம் என்பதால், அந்தப் பகுதியின் வரியை முதலில் பிரித்தெடுத்த பிறகே மைல்கற்களைத் தேட வேண்டும். 50 லட்சத்தைத் தாண்டினால் சர்சார்ஜும் சேர்ந்துகொள்ளும். அப்போது முதலில் செஸ், அடுத்து சர்சார்ஜ், அதன் பிறகு ஸ்லாப் என்ற வரிசையில் கழற்றிக்கொண்டு வர வேண்டும்.