பழைய படத்துக்குப் புது ஸ்டிரைக்

வாசகர் ஒருவர் கேட்டிருந்தார்: "இரண்டு வருஷத்துக்கு முன்னால் போட்ட கேலிச்சித்திரம் சார். அப்போது யாரும் ஒன்றும் சொல்லவில்லை. போன வாரம் திடீரென்று விதிமீறல் என்று தூக்கிவிட்டு, என் கணக்குக்கு எச்சரிக்கையாக ஒரு ஸ்டிரைக்கும் கொடுத்திருக்கிறார்கள். யாராவது புகார் செய்திருப்பார்களோ?"

செய்திருக்கலாம். ஆனால் இத்தனை பழைய படம் சிக்கினால் என் சந்தேகம் முதலில் வேறு பக்கம் போகும்.

சமூக ஊடகங்களில் இயந்திரம் இரண்டு விதமாக ஆள் பிடிக்கிறது. ஒன்று, ஊகம். பல லட்சம் படங்களைப் பார்த்துப் பழகிய நிரல், புதிதாக வரும் படத்துக்கு மதிப்பெண் போடும். வரம்பைத் தாண்டினால் நீக்கம். 2020இல் கனடாவில் ஒரு விதைக் கடை போட்ட வெங்காய விளம்பரத்தை ஆபாசம் என்று ஃபேஸ்புக் தடுத்தது இந்த ரகம். இன்னொன்று, ஒப்பிட்டுப் பார்ப்பது. ஏற்கெனவே தடை செய்த படங்களின் அடையாள எண்களை ஒரு வங்கியில் சேர்த்து வைத்து, அதே படம் எங்கே இருந்தாலும் பிடிப்பது. இதற்குள் ஒரு அழகான கணக்கு இருக்கிறது.

கோப்பை அப்படியே ஒப்பிட்டால் வேலைக்கு ஆகாது. வாட்ஸ்அப்பில் ஒரு தடவை அனுப்பினாலே படம் சுருங்கி, உள்ளே இருக்கும் எண்கள் எல்லாம் மாறிவிடும். கண்ணுக்கு ஒன்றாகத் தெரிவதற்கு ஒரே மாதிரி எண் வர வேண்டும். dHash என்ற எளிய முறை இதை எப்படிச் செய்கிறது தெரியுமா? படத்தைக் கறுப்பு வெள்ளையாக்கி, அகலம் 9, உயரம் 8 என்று வெறும் 72 புள்ளிகளாகச் சுருக்கிவிடும். அதில் ஒரு வரிசையின் வெளிச்ச அளவுகள் இப்படி என்று வைத்துக்கொள்வோம்:

```
40 60 85 80 70 75 120 110 90
```

வலப்பக்கத்துப் புள்ளி கூடுதல் வெளிச்சமாக இருந்தால் 1, இல்லாவிட்டால் 0. இந்த வரிசைக்கு 11001100 வரும். எட்டு வரிசைக்கும் சேர்த்து 64 இலக்கம். அவ்வளவுதான் படத்தின் கைரேகை. இப்போது படம் முழுக்க வெளிச்சத்தை 20 கூட்டிப் பாருங்கள். எல்லா எண்ணும் ஏறும், ஆனால் எது பெரியது எது சின்னது என்பது மாறாது. கைரேகை அப்படியே நிற்கும்! மூலையில் சின்னதாக ஒரு பூ ஒட்டினால் தப்பிக்கலாம் என்று சிலர் நம்புகிறார்கள். திருஷ்டிப் பொட்டு வைக்கிற மாதிரிதான் அது. ஓரிரு இலக்கம் மாறலாம், அவ்வளவே.

அந்த ஓரிரு இலக்கத்துக்கும் இடம் விட்டே வைத்திருக்கிறார்கள். ஃபேஸ்புக் 2019இல் எல்லோருக்கும் திறந்துவிட்ட PDQ முறையில் கைரேகை 256 இலக்கம். இரண்டு படங்களுக்கிடையே 31 இலக்கம் வரை வேறுபட்டாலும் ஒரே படம் என்று கொள்ளலாம் என்பது அவர்கள் பரிந்துரை. சம்பந்தமே இல்லாத இரண்டு படங்கள் சுமார் 128 இடத்தில் வேறுபடும் என்பதால், வேறு படத்தைத் தவறாகப் பிடிப்பது அபூர்வம்.

அப்புறம் தவறு எங்கே வருகிறது? வங்கிக்குள் எதைப் போட்டார்கள் என்பதில். கைரேகைக்குப் படம் தெரியும், அதை ஏன் போட்டீர்கள் என்பது தெரியாது. புகழ்ந்து போட்டாலும் கண்டித்துப் போட்டாலும் ஒரே எண்தான்.

கொலம்பியாவில் ஒருவர் 2020 செப்டம்பரில் ஃபேஸ்புக்கில் ஒரு கேலிச்சித்திரம் போட்டார். காவலர்கள் தடியோடு ஒருவரை அடிப்பது போன்ற, காவல்துறை வன்முறையைச் சாடும் படம். 16 மாதம் கழித்து அது நீக்கப்பட்டது. காரணம், யாரோ ஒரு பணியாளர் அந்தப் படத்தைத் தவறாக வங்கியில் சேர்த்திருந்தார். அதன் பிறகு அதே படத்தைப் போட்டவர்கள் எல்லோரும் மாட்டினார்கள். 215 பேர் மேல்முறையீடு செய்தார்கள், அதில் 98 சதவீதம் பேர் ஜெயித்தார்கள். ஆனாலும் படம் வங்கியிலேயே கிடந்தது! ஒவ்வொரு தீர்ப்பும் அந்த ஒரு பதிவோடு முடிந்துவிட்டது. விஷயம் மெட்டாவின் மேற்பார்வைக் குழுவுக்குப் போன பிறகுதான் அந்த எண்ணை எடுத்தார்கள். இத்தனை பேர் ஜெயித்தால் எண்ணைத் தானாக வெளியே தள்ளும் ஒரு ஏற்பாடு எழுத எவ்வளவு நேரமாகும்? கணக்கு போட்டவர்களின் புத்திசாலித்தனத்தில் கால்வாசி இதற்குப் போயிருந்தால் போதும் என்பது என் எண்ணம்.

சரி, வாசகருக்கு வருவோம். அதே படத்தைப் போட்ட உங்கள் நண்பர்களுக்கும் ஏறக்குறைய அதே நேரத்தில் நீக்கம் வந்ததா என்று விசாரியுங்கள். வந்திருந்தால் பெரும்பாலும் வங்கிதான். உங்கள் வாசகத்தை இயந்திரம் படித்தே இருக்காது. மேல்முறையீட்டில் இது யாரைக் கண்டிக்கும் சித்திரம் என்று எழுதுங்கள். தீர்ப்பு வரும்வரை படத்தை மறுபடி ஏற்றிப் பார்க்காதீர்கள். எண் அதேதான், இரண்டாவது ஸ்டிரைக் வந்து நிற்கும்.