பத்திரத்தில் பேர் இருந்தால் வழக்குப் போடலாமா?

அண்ணனும் தம்பியும் பாகப்பிரிவினைப் பத்திரம் எழுதுகிறார்கள். "திருமணமாகாத அத்தைக்கு மாதம் 5,000 ரூபாயை அண்ணன் கொடுத்து வர வேண்டியது" என்று அதில் ஒரு வரி. கையெழுத்துப் போட்டது சகோதரர்கள் மட்டும். இரண்டு வருஷம் ஒழுங்காக வந்த பணம் நின்றுவிட்டது. அத்தை கோர்ட்டுக்குப் போக முடியுமா?

பொது விதிப்படி முடியாது. ஒப்பந்தம் செய்துகொண்டவர்கள்தான் அதை வைத்து வழக்குப் போடலாம். பலன் அடையப்போகிறவர் என்று பேர் இருந்தாலும் அவர் வெளியாள்தான். 1872-ம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தில் இந்த விதி நேரடியாக எழுதப்படவில்லை. ஆனாலும் நம் நீதிமன்றங்கள் இதைப் பின்பற்றுகின்றன. எம்.சி. சாக்கோ வழக்கில், ஒரு வங்கிக் கடனைக் குடும்பத்தில் யார் அடைப்பது என்று பத்திரத்தில் எழுதியிருந்தார்கள். அதைக் காட்டி வங்கி உரிமை கோரியபோது, நீங்கள் அந்தப் பத்திரத்தில் ஒரு தரப்பு இல்லையே என்று உச்ச நீதிமன்றம் மறுத்துவிட்டது.

அப்புறம் அத்தைக்கு என்ன வழி? விதிவிலக்குகள் இருக்கின்றன. 1910-ல், அப்போது இந்திய வழக்குகளுக்குக் கடைசி மேல்முறையீட்டு நீதிமன்றமாக லண்டனில் இருந்த பிரிவி கவுன்சில் முடிவு செய்த ஹுசைனி பேகம் வழக்கு இதற்கு நல்ல உதாரணம். மணமகளுக்கு மாதம் 500 ரூபாய் தருவதாக அவருடைய மாமனார் மணமகளின் தந்தையிடம் எழுதிக் கொடுத்திருந்தார். அந்தத் தொகைக்குக் குறிப்பிட்ட சொத்துகளையும் பொறுப்பாக்கியிருந்தார், அதாவது பணம் வராவிட்டால் அவற்றிலிருந்து வசூலிக்கலாம். மணமகள் அப்போது சிறுமி, ஒப்பந்தத்தில் தரப்பும் இல்லை. ஆனாலும் அந்த ஏற்பாடே அவருக்காகத்தான் என்பதால் அவர் நேராக வழக்குத் தொடுத்தது சரி என்றது பிரிவி கவுன்சில். பெற்றோர் பேசி முடிக்கும் கல்யாணங்கள் உள்ள சமூகத்தில் ஆங்கிலேயச் சட்டத்திலிருந்து வந்த இந்தப் பொது விதியை அப்படியே வைத்தால் அநியாயமாகிவிடும் என்றும் சொன்னது.

ஆக, குடும்ப ஏற்பாட்டில் அத்தையின் பராமரிப்புக்கென்றே அந்த வரி எழுதப்பட்டது என்று காட்ட முடிந்தால் அவருக்கு வழி உண்டு. அண்ணன் இரண்டு வருஷம் கொடுத்து வந்ததற்கான வங்கிக் கணக்கு விவரமும் உதவும், ஏனென்றால் பொறுப்பை அவரே ஏற்று நடந்ததை அது காட்டுகிறது. பத்திரத்தில் தரப்பாக இருக்கும் தம்பியும் வழக்குப் போடலாம். பாக்கியைக் கேட்க மூன்று வருஷக் கெடு இருப்பதால் தள்ளிப்போடக் கூடாது.

ஆனால் வயதான காலத்தில் ஒரு பெண் விதிவிலக்கை நம்பிக் கோர்ட் படி ஏறுவதை என்னால் ஏற்க முடியவில்லை. எழுதும்போதே அத்தையை ஒரு தரப்பாகச் சேர்த்துக் கையெழுத்து வாங்கினால் இந்தக் கேள்வியே எழாது. "தவறினால் இன்ன சர்வே எண் நிலத்திலிருந்து வசூலித்துக்கொள்ளலாம்" என்று சேர்த்துப் பதிவு செய்தால் இன்னும் நல்லது. அண்ணன் நிலத்தை விற்கப் போனாலும் வாங்குபவர் வில்லங்கம் போட்டுப் பார்க்கும்போது அந்தப் பத்திரம் கண்ணில் படும். பதிவான பொறுப்பைத் தெரியாது என்று அவர் தட்டிக்கழிக்க முடியாது.