நான்கு ஏரிகளுக்கும் ஒரே தொட்டியா?

பருவமழை தொடங்கியதும் சென்னைக் குடிநீர் ஏரிகளின் நிலவர வீடியோக்கள் வரிசைகட்டி வருகின்றன. இந்த வாரம் வந்த ஒன்றைப் பார்த்த பிறகு பொறுக்க முடியவில்லை. நான்கு கண்ணாடித் தொட்டிகள், நான்கும் ஒரே உயரம், ஒரே அகலம். நீலத் தண்ணீர் ஏறித் தளும்பி நிற்கிறது. சோழவரம் விளிம்பு வரை, புழல் பாதி. வியாசர்பாடியில் எங்கள் தெருவில் இட்லிக் கடை வைத்திருக்கும் அக்கா அதைக் காட்டி, "புழலில் தண்ணீரே இல்லையாமே தம்பி, லாரிக்குச் சொல்லிவிடட்டுமா?" என்று கேட்டார். அவர் பார்த்ததில் பிழை இல்லை. படம்தான் அப்படிச் சொன்னது.

குடிநீர் வாரியம் தினமும் வெளியிடும் அட்டவணையில் ஒவ்வொரு ஏரிக்கும் முழுக் கொள்ளளவும் இன்றைய இருப்பும் மில்லியன் கன அடியில் இருக்கும். பூண்டி 3,231, சோழவரம் 1,081, புழல் 3,300, செம்பரம்பாக்கம் 3,645. மற்ற ஏரி ஒவ்வொன்றோடும் ஒப்பிட்டால் சோழவரம் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு அளவுதான். கணக்குக்காக, சோழவரம் 90 சதவீதமும் புழல் 50 சதவீதமும் நிரம்பியிருப்பதாக வைத்துக்கொள்வோம். சோழவரத்தில் இருப்பது சுமார் 973. புழலில் இருப்பது 1,650. அதாவது 'பாதி காலி' புழலில்தான் ஏறக்குறைய 1.7 மடங்கு தண்ணீர் இருக்கிறது. ஒரே அளவுத் தொட்டியில் போட்டதும் சோழவரம் கிட்டத்தட்ட இரட்டிப்பாகத் தெரிகிறது. உண்மை தலைகீழாகிவிட்டது.

இதைச் சொன்னால் வடிவமைப்பாளர்களிடமிருந்து வரும் பதில்தான் எனக்கு எரிச்சலூட்டுகிறது: "எண்ணைப் பக்கத்திலேயே போட்டிருக்கிறோமே சார்!" போட்டிருக்கிறீர்கள், ஐயா. ஆனால் அந்த எண் நான்கு நொடி திரையில் இருக்கிறது. பஸ்ஸில் தொங்கிக்கொண்டு, சத்தத்தை அணைத்து, கையளவுத் திரையில் பார்ப்பவர் 1,650 என்ற எண்ணைப் படித்து, 973 என்ற எண்ணோடு ஒப்பிட்டு, பிறகு கண்ணால் பார்த்ததைத் திருத்திக்கொள்வார் என்று எதிர்பார்க்கிறீர்களா? எண்ணும் படமும் சண்டை போட்டால் படம்தான் ஜெயிக்கும், அதிலும் அசைகிற படம் நிச்சயமாக ஜெயிக்கும். படம் பொய் சொல்ல, ஓரத்தில் எண் உண்மை சொல்வதற்குப் பெயர் விளக்கம் இல்லை. அட்டவணையையே அப்படியே போட்டிருந்தால் யாரும் ஏமாந்திருக்க மாட்டார்கள்.

செய்ய வேண்டியது எளிது. எல்லாத் தொட்டிகளுக்கும் ஒரே அகலம் வையுங்கள், உயரத்தை மட்டும் கொள்ளளவுக்கு ஏற்ப மாற்றுங்கள். 5 மில்லியன் கன அடிக்கு 1 பிக்சல் என்று கொண்டால் புழல் தொட்டி 660 பிக்சல், சோழவரம் 216, பூண்டி 646, செம்பரம்பாக்கம் 729. நான்கும் 1,080 பிக்சல் உயரத் திரைக்குள் அடங்கிவிடும். மேலே சொன்ன கணக்கில் தண்ணீர் புழலில் 330 பிக்சலும் சோழவரத்தில் 195 பிக்சலும் ஏறும். சோழவரம் குட்டையாக, ஆனால் நிரம்பி நிற்கும். புழல் உயரமாக, பாதியாக நிற்கும். இரண்டு செய்தியும் ஒரே பார்வையில் வந்துவிடும்.

சிலர் இங்கேயும் சறுக்குகிறார்கள். சிறிய தொட்டியை வரைந்து, மென்பொருளில் ஸ்கேல் எண்ணை அப்படியே மூன்று மடங்காக்கிவிடுகிறார்கள். உயரத்தோடு அகலமும் மும்மடங்காகி, பரப்பு ஒன்பது மடங்காகிவிடுகிறது. உயரத்தையும் அகலத்தையும் இணைக்கும் சங்கிலிக் குறியை முதலில் எடுத்துவிடுங்கள். பெருக்கும் புள்ளி தொட்டியின் அடியில் இருக்கட்டும், நடுவில் இருந்தால் தொட்டி தரைக்குக் கீழேயும் வளரும்.

'மொத்தத்தில் எத்தனை சதவீதம்' என்று கடைசியில் ஓடும் எண்ணையும் கவனியுங்கள். 90, 50 இரண்டையும் கூட்டிப் பாதியாக்கினால் 70 வரும். உண்மையில் 4,381க்கு 2,623, அதாவது சுமார் 60. இருப்பைக் கூட்டுங்கள், கொள்ளளவைக் கூட்டுங்கள், பிறகு வகுத்துக்கொள்ளுங்கள். சதவீதங்களை ஒருபோதும் நேரடியாகச் சராசரி எடுக்காதீர்கள்.

அந்தத் தளும்பல் வேறு! தண்ணீர் இலக்கைத் தாண்டி எகிறி, பிறகு இறங்கி நிற்கும் அசைவு விளம்பரத்துக்குப் பொருந்தும். இங்கே 90 சதவீதத்தில் நிற்க வேண்டிய ஏரி எகிறும் நொடியில் 97 சதவீதம் காட்டுகிறது. யாரோ அந்த நொடியில் திரையைப் பிடித்து 'ஏரி நிரம்பியது' என்று அனுப்புகிறார்கள், வெள்ளத்துக்குப் பயந்துகொண்டிருக்கும் ஊரில். வேகம் குறைந்தபடி வந்து சரியான இடத்தில் நிற்கட்டும், தாண்ட வேண்டாம். வெளியிடும் முன் கடைசிச் சட்டகத்தை நிறுத்தி, திரை அளவுகோலால் தண்ணீரின் உயரத்தை அளந்து, அட்டவணையோடு ஒப்பிடுங்கள். ஐந்து நிமிட வேலை.

கெஞ்சிக் கேட்கிறேன், இன்னொன்று: தேதியை வீடியோவின் தலைப்பில் மட்டும் போடாமல் தொட்டிகளுக்குப் பக்கத்திலேயே, ஆண்டோடு, தொடக்கத்திலிருந்து முடிவு வரை இருக்கும்படி எழுதுங்கள். தலைப்பை வெட்டிவிட்டுத்தான் வாட்ஸ்அப்பில் அனுப்புகிறார்கள், அதுவும் அடுத்த வருட மழைக்கு.