கட்டுமீறிய வழிமீளல்: ஒரு ரெஜெக்ஸ் ஏன் உறைந்து நிற்கிறது?

உரை ஒரு வடிவத்துக்குப் பொருந்துகிறதா என்று சோதிக்கும் ரெஜெக்ஸ், சில உரைகளைக் கொடுத்தால் விடை சொல்லாமல் உறைந்து நிற்கும், இதற்கு ஆங்கிலத்தில் கேட்டஸ்ட்ராஃபிக் பேக்டிராக்கிங் என்று பெயர். இந்தப் பெயரில் பேக்டிராக்கிங் என்பதை முதலில் பார்ப்போம். போன வழி அடைபட்டால் கடைசியாகப் பாதை பிரிந்த இடத்துக்குத் திரும்பி வந்து அடுத்த பாதையில் போய்ப் பார்ப்பதுதான் அது. இதைப் ‘பின்வாங்கல்’ என்று சொன்னால் தோற்று விலகுவது போல இருக்கிறது, மறுபடி முயல்வது அதில் வரவில்லை, அதனால் நான் ‘வழிமீளல்’ என்றே எழுதுகிறேன்.

வழிமீளல் தவறே இல்லை. பெர்ல், பைத்தான், ஜாவா மூன்றிலும் உள்ள வழக்கமான ரெஜெக்ஸ் எந்திரங்கள் அப்படித்தான் வேலை செய்கின்றன. அது எங்கே கட்டுமீறுகிறது? சொற்களும் நடுவே ஒற்றை இடைவெளியும் மட்டும் வரலாம் என்று சோதிக்கப் பலரும் எழுதும் இந்த வரியைப் பாருங்கள்:

```
^(\w+\s?)+$
```

உள்ளே ஒரு `+`, வெளியே ஒரு `+`. எத்தனை முறை என்று சொல்லும் இந்தக் குறிகளை அளவடை என்போம், இங்கே இருப்பது அடுக்கு அளவடை. இடைவெளி கட்டாயமில்லை என்பதால் `aaaa` என்பதை ஒரே சொல்லாகவும் எடுக்கலாம், `aaa`, `a` என்று இரண்டாகவும் எடுக்கலாம், இப்படி மொத்தம் 8 வழிகள் உண்டு. பொருந்திவிட்டால் முதல் வழியிலேயே வேலை முடிந்துவிடும். ஆனால் `aaaa!` என்று கொடுத்தால் கடைசி `!` எந்த வழியிலும் பொருந்தாது, எந்திரத்துக்கு அது முன்கூட்டியே தெரியாது, அதனால் எல்லா வழிகளையும் போய்ப் பார்த்துத்தான் ‘இல்லை’ என்று சொல்லும். ஓர் எழுத்து கூடினால் வழிகள் இரட்டிப்பாகும். 30 எழுத்துக்கு 53 கோடிக்கு மேல். கேட்டஸ்ட்ராஃபிக் என்ற அடைமொழி இந்தப் பெருக்கத்தைத்தான் குறிக்கிறது, அதனால் ‘பேரழிவு’ என்று நேராக மொழிபெயர்ப்பதைவிட ‘கட்டுமீறிய’ என்பது எனக்குச் சரியாகப் படுகிறது.

சரியான உள்ளீடுகளை மட்டும் வைத்துச் சோதித்தால் இது கண்ணில் படவே படாது. சந்தேகம் வந்தால் கடைசியில் `!` வைத்து 20, 21, 22 எழுத்து என்று ஒவ்வொன்றாகக் கூட்டி நேரத்தை அளந்து பாருங்கள். ஒவ்வொரு தடவையும் நேரம் ஏறக்குறைய இரட்டித்தால் இதேதான்.

ஒரே உரையை ஒரே ஒரு விதமாக மட்டும் பிரிக்க முடிகிற மாதிரி மாற்றி எழுதினால் சரியாகிவிடும்:

```
^\w+(\s\w+)*\s?$
```

இதிலும் அடுக்கு இருக்கிறது, ஆனால் அடுத்த சொல் தொடங்க நடுவே இடைவெளி கட்டாயம், அதனால் `aaaa` ஒரே சொல்தான். பயனர் தருகிற ரெஜெக்ஸையே ஓட்ட வேண்டிய இடத்தில் இப்படித் திருத்த முடியாது. அங்கே `RE2` போன்ற எந்திரம் நல்லது. கென் தாம்ப்சன் 1968-இல் எழுதிய முறையின் வழியில் அது எல்லாப் பாதைகளையும் ஒரே நேரத்தில் கூட்டிக்கொண்டு முன்னே போகும், வழிமீளல் தேவைப்படாது. அதற்கு விலையாக, முன்பு பிடித்த உரையையே `\1` என்று மறுபடி கேட்கும் வசதி அதில் கிடையாது.