ஏழு தடவை சிமிட்டும் இன்ஜின் லாம்பு

காசிமேடு மீன்பிடித் துறைமுகப் பக்கம் நாள் முழுக்க வெளியில் நிற்கும் வண்டிகளில், இன்ஜின் கெடும் முன்பே ஒயர் முனைகள் கெட்டுவிடும். உப்புக் காற்று கனெக்டருக்குள் புகுந்து பின்களில் பச்சை பூத்துவிடும். அப்படி நிற்கும் பழைய ஹோண்டா எஃப்ஐ பைக் ஒன்று காலையில் ஸ்டார்ட் ஆக அடம்பிடிக்கிறது, மீட்டரில் இன்ஜின் லாம்பும் எரிகிறது என்று வைத்துக்கொள்வோம். எங்கே தேடுவது என்பதை அந்த லாம்பே சொல்லும், ஸ்கேனர் வேண்டாம்.

இன்ஜினை ஸ்டார்ட் செய்யாமல் சாவியை மட்டும் போடுங்கள். முதலில் லாம்பு ஓரிரு நொடி எரிந்து அணைவது பல்ப் சோதனை, அதைக் கணக்கில் சேர்க்கக் கூடாது. பிறகு, கோளாறு இப்போதும் இருந்தால் லாம்பு சிமிட்டத் தொடங்கும். சுமார் 1.3 நொடி எரியும் நீளச் சிமிட்டல் பத்து, 0.3 நொடி எரியும் குட்டிச் சிமிட்டல் ஒன்று. ஒரு நீளம், இரண்டு குட்டி என்றால் 12, அதாவது இன்ஜெக்டர். அவசரத்தில் எல்லாவற்றையும் ஒன்றாக எண்ணினால் அதுவே 3 ஆகிவிடும். முதல் சுற்றைச் சும்மா பார்த்துவிட்டு, அடுத்த சுற்றில் எண்ணுவதுதான் நல்லது. போனில் வீடியோ எடுத்துக்கொண்டால் இன்னும் வசதி. கோளாறுகள் பல இருந்தால் சின்ன எண்ணில் தொடங்கி வரிசையாக வரும்.

நம் வண்டியில் ஏழு குட்டிச் சிமிட்டல்கள். ஹோண்டா கணக்கில் 7 என்பது இன்ஜின் வெப்பநிலை சென்சார். இங்கேதான் பலர் சென்சாரை வாங்கி மாட்டிக் காசை விடுவார்கள். சென்சார் கெட்டது என்று இந்த எண், அதாவது கோளாறுக் கோடு, சொல்வதில்லை. அந்த சென்சாரின் மின்சுற்றில் மின்னழுத்தம் எல்லை மீறிவிட்டது என்றுதான் சொல்கிறது. சூடு ஏற ஏற இந்த சென்சாரின் மின்தடை குறையும், அதற்கேற்ப வோல்டேஜும் இறங்கும். கனெக்டரில் தொடர்பு அறுந்தால், இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டரான இசிஎம்முக்கு 5 வோல்ட் அப்படியே தெரியும். எந்தச் சூட்டிலும் வராத அளவு அது, அதனால் இசிஎம் அதை நம்பாமல் தன்னிடமுள்ள ஒரு நிலையான மதிப்பை வைத்து ஓட்டும். குளிர்ந்த இன்ஜினுக்குத் தேவையான கூடுதல் பெட்ரோல் சரியாகக் கிடைக்காமல் போவது அதனால்தான்.

முதலில் கனெக்டரைக் கழற்றிக் காண்டாக்ட் கிளீனர் அடியுங்கள். அப்புறம் மல்டிமீட்டரில் சென்சாரின் மின்தடையைப் பாருங்கள்: 20 டிகிரியில் ஏறக்குறைய 2.5 கிலோ ஓம், சென்னை வெயிலில் அதைவிடக் குறைவு. அளவு ஒத்துப்போனால் சென்சார் நலம், ஒயரைத் தேடுங்கள்.

கோளாறு வந்து வந்து போனால் சாவி போட்டதும் லாம்பு சிமிட்டாது. அப்போது சாவியை அணைத்துவிட்டு, டயக்னாஸ்டிக் கனெக்டரில் மேனுவல் காட்டும் இரண்டு பின்களை (பெரும்பாலும் பிரவுன், பச்சை ஒயர்கள்) ஜம்பரால் இணைத்துச் சாவி போட்டால் பழைய கோடுகள் வரும். நினைவில் எதுவும் இல்லையென்றால் லாம்பு சிமிட்டாமல் எரிந்துகொண்டே இருக்கும். பின் மாறினால் இசிஎம்முக்கே ஆபத்து, ஊகத்தில் இணைக்காதீர்கள்.

இந்த எண்களை வேறு கம்பெனி வண்டிக்குக் கொண்டுபோகவும் கூடாது. யமஹாவில் 12 என்றால் கிராங்க் சென்சார். அடைத்துப்போன பெட்ரோல் ஃபில்டருக்கோ, இதில் எதிலும் கோடே கிடையாது.