கூட்டத்துக்கு வராதவர் பதிவைப் பார்ப்பது எப்படி?

டீம்ஸிலோ கூகுள் மீட்டிலோ நடக்கும் கூட்டத்தைப் பதிவு செய்தால், முடிந்த சற்று நேரத்தில் ஒரு லிங்க் கிடைக்கும். அதை ஒருவர் சொடுக்கியதும் காணொளி ஓட வேண்டுமா, "உங்களுக்கு அனுமதி இல்லை" என்று வர வேண்டுமா என்பதை யார் தீர்மானிக்கிறார்கள்? கூட்டத்தை நடத்திய மென்பொருள் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். உண்மையில் தீர்மானிப்பது கோப்பு இருக்கும் இடம்.

மைக்ரோசாஃப்ட் டீம்ஸையே எடுத்துக்கொள்வோம். சாதாரணக் கூட்டத்தின் பதிவு, அழைப்பு அனுப்பியவர் அல்லது பதிவைத் தொடங்கியவரின் ஒன்டிரைவில் "Recordings" என்ற ஃபோல்டருக்குள் போய் உட்காரும். அங்கே போனபின் அது வெறும் காணொளிக் கோப்புதான். எந்தக் கோப்புக்கும் இருப்பது போல அதற்கும் ஓர் அனுமதிப் பட்டியல் இருக்கும். அமைப்பாளருக்குத் திருத்தும் உரிமை, அழைக்கப்பட்ட அலுவலகத்தினருக்குப் பார்க்கும் உரிமை என்று டீம்ஸே அதை எழுதிவிடும். ஆக, யாரும் எதையும் தொடாதவரை பதிவு ஏறக்குறைய அழைக்கப்பட்டவர்களுக்குள்தான் இருக்கும். சிக்கல் அதற்கு அப்புறம்தான் வருகிறது.

ஒரு கற்பனை உதாரணம் பார்ப்போம். 900 பேர் வேலை செய்யும் நிறுவனம். சம்பள உயர்வைப் பற்றி 7 பேர் கூடிப் பேசி, அதைப் பதிவு செய்கிறார்கள். ஒருவருக்கு வர முடியவில்லை. அமைப்பாளர் பதிவைத் திறந்து, "Copy link" அழுத்தி, அந்த லிங்க்கை அவருக்கு அனுப்புகிறார். அவர் "இதையும் பாருங்கள்" என்று தன் குழுவின் 40 பேர் இருக்கும் சாட்டில் போட்டுவிடுகிறார். மறுநாள் சம்பளப் பேச்சு ஊரெல்லாம் பரவிவிட்டது.

பழி வழக்கமாக லிங்க்கைப் பரப்பியவர் மேல் விழும். ஆனால் கதவு திறந்தது அவரால் அல்ல. அமைப்பாளர் "Copy link" அழுத்திய நொடியிலேயே ஒன்டிரைவ் அந்தக் கோப்பின் பட்டியலில் புதிதாக ஒரு வரி சேர்த்துவிட்டது. எந்த வகை லிங்க் தானாக உருவாக வேண்டும் என்பதை நிறுவனத்தின் ஐடி நிர்வாகி முன்பே ஒரு முறை தேர்ந்து வைத்திருப்பார். பல நிறுவனங்களில் அந்தத் தேர்வு "People in your organization". மைக்ரோசாஃப்டின் அமைப்புக்குள் அந்த வரி ஏறக்குறைய இப்படி இருக்கும்:

```
"link": { "type": "view", "scope": "organization" }
```

இதில் யாருடைய பெயரும் இல்லை என்பதைக் கவனியுங்கள். நிறுவனக் கணக்கில் லாகின் செய்த யார் கையில் இந்த லிங்க் இருந்தாலும் அவர் பார்க்கலாம் என்பதே அதன் பொருள். 900 பேரும் அதில் அடக்கம். அதே இடத்தில் "People you choose" என்று மாற்றி, வர முடியாதவரின் பெயரைப் போட்டிருந்தால் `scope` என்ற இடத்தில் `users` என்று வந்திருக்கும். அப்போது லிங்க்கை 40 பேருக்கு அனுப்பியிருந்தாலும் அழைக்கப்படாதவர்களுக்கு "அனுமதி கேளுங்கள்" என்ற பக்கம்தான் தெரியும். பார்வைக்கு இரண்டு லிங்க்குகளும் ஒரே மாதிரி நீளமாக, புரியாத எழுத்துக் கோவையாக இருக்கும். வெளியிலிருந்து பார்த்துப் பிரித்துச் சொல்வது கடினம்.

இதில் வேடிக்கையான ஒரு திருப்பமும் உண்டு. அந்தக் கூட்டத்துக்கு வெளி நிறுவன ஆலோசகர் ஒருவரையும் அழைத்திருந்தால், இந்த நிறுவன லிங்க் அவருக்குத் திறக்காது. கூட்டத்தில் உட்கார்ந்தவருக்கு அனுமதி மறுப்பு, கூட்டம் நடந்ததே தெரியாத ஊழியருக்கு அனுமதி! "லிங்க் வேலை செய்யவில்லை" என்று வெளியாள் சொன்னால், பூட்டு இறுக்கமாக இருக்கிறது என்று நிம்மதி அடைந்துவிட வேண்டாம்.

சரி, தவறு தெரிந்துவிட்டது. இனி என்ன செய்வது? பலர் முதலில் செய்வது, பட்டியலில் இருக்கும் தேவையற்ற பெயர்களை ஒவ்வொன்றாக நீக்குவது. இதனால் பயன் இல்லை. இத்தகைய பகிர்வு அனுமதிகள் ஒன்றோடொன்று கூடுமே தவிர, ஒன்றை இன்னொன்று குறைக்காது. ஒரு வீட்டுக்கு நான்கு கதவுகள் இருந்து, மூன்றைப் பூட்டினால் நான்காவது வழியாக ஆள் வரத்தானே செய்வார்? பெயரை நீக்கினாலும் நிறுவன லிங்க் உயிரோடு இருக்கும்வரை அதே ஆள் அதே காணொளியைப் பார்ப்பார். எனவே கோப்பின் மேல் "Manage access" திறந்து, "Links" பகுதியில் நிறுவனம் முழுவதற்குமான லிங்க் இருந்தால் அதை அழிக்க வேண்டும். அழித்ததும், அந்த லிங்க் வழியாக மட்டுமே வந்தவர்களின் அனுமதியும் போய்விடும். அழைப்பின் மூலம் பெயர் சேர்ந்தவர்களுக்கு ஒன்றும் ஆகாது. அப்புறம் "Groups" பகுதியையும் பார்க்க வேண்டும். அங்கே ஒரு துறையின் முழுக் குழுவே இருந்தால், நாளை அந்தத் துறையில் சேரும் புதியவருக்கும் பதிவு திறந்திருக்கும்.

டீம்ஸ் சேனலுக்குள் கூட்டம் நடத்தினால் கதை வேறு. பதிவு யாருடைய ஒன்டிரைவுக்கும் போகாமல் அந்தச் சேனலின் ஷேர்பாயின்ட் தளத்துக்குப் போய்விடும். அழைப்பில் 7 பேர் இருந்தாலும் சேனல் உறுப்பினர்கள் எல்லோருக்கும் அது திறந்தே இருக்கும். சம்பளம் மாதிரியான விஷயங்களைச் சேனல் கூட்டமாக வைக்கவே கூடாது என்பது என் கருத்து. பின்னால் அனுமதியைத் திருத்துவதைவிட முதலிலேயே வேறு இடத்தில் நடத்துவது எளிது.

இனி எழுத்து வடிவம். காணொளியைப் பூட்டியதோடு வேலை முடிந்தது என்று நினைக்கும்போது மறந்துபோவது இதுதான். கூகுள் மீட்டில் காணொளி ஒரு கோப்பு, பேச்சின் எழுத்து வடிவம் தனியாக ஒரு கூகுள் டாக்ஸ் கோப்பு. இரண்டுக்கும் தனித்தனி அனுமதிப் பட்டியல். ஒன்றைப் பூட்டினால் மற்றது தானாகப் பூட்டிக்கொள்ளாது. டீம்ஸில் எழுத்து வடிவம் கூட்டத்தின் "Recap" பக்கத்திலும் தெரியும். காணொளியை அழித்தாலும் அது அங்கே தங்கியிருக்கலாம். ஒரு மணி நேரக் காணொளியை உட்கார்ந்து பார்க்கப் பொறுமை இருப்பவர்கள் குறைவு. எழுத்தில் இருந்தால் தன் பெயரைத் தேடிப் பத்து நொடியில் கண்டுபிடித்துவிடலாம். அதனால் இரண்டில் எழுத்து வடிவத்துக்குத்தான் கவலை அதிகம் தேவை. அதை `.docx` அல்லது `.vtt` கோப்பாக யாராவது இறக்கி அனுப்பிவிட்டால், அந்த நகலுக்கு மூலக் கோப்பின் எந்த அனுமதியும் பொருந்தாது.

பூட்டியது உண்மையிலேயே பூட்டிக்கொண்டதா என்று சோதிப்பதிலும் ஒரு கண்ணி இருக்கிறது. அமைப்பாளர் தன் கணிப்பொறியில் லிங்க்கைத் திறந்தால் எப்போதும் திறக்கும், அவர் உரிமையாளர். பிரவுசரின் மறைநிலைச் சாளரத்தில் திறந்து, லாகின் கேட்கிறதே என்று திருப்தி அடைவதும் போதாது. வெளியுலகத்துக்கு மூடியிருக்கிறது என்பதை மட்டும்தான் அது காட்டும். நிறுவன லிங்க்கும் லாகின் கேட்கத்தான் செய்யும். சரியான சோதனை, அழைக்கப்படாத ஒரு சக ஊழியரின் கணக்கில் திறந்து பார்ப்பது. காணொளி லிங்க்கை ஒரு முறையும், எழுத்து வடிவத்தின் லிங்க்கை இன்னொரு முறையும் அவர் திறக்கட்டும். இரண்டிலும் அனுமதி கேட்கும் பக்கம் வர வேண்டும்.