ராத்திரித் தாள் ஏன் கருக்கிறது?

காற்றில் எவ்வளவு தூசி இருக்கிறது என்று அளந்து சொல்வது என் வேலை. ஒரு தை மாதம் சேலத்துப் புறநகரில் ஒரு வீட்டு மொட்டைமாடியில் கருவியை நிறுத்தியிருந்தோம். அது காற்றை உறிஞ்சி ஒரு வடிதாள் வழியாக விடும், தூசி தாளில் தங்கிவிடும். ஒரு நாளைக்கு மூன்று தாள். காலை 6 மணிக்கு ஒன்று, மதியம் 2 மணிக்கு ஒன்று, இரவு 10 மணிக்கு ஒன்று என்று மாற்றுவோம்.

மூன்றாம் நாள் காலை, வீட்டுக்காரப் பெரியவர் டீ டம்ளரோடு மேலே வந்து தாள்களை எட்டிப் பார்த்தார்.

"ஏனுங்க அம்மிணி, ராத்திரி பத்துக்கு மேல இந்த ரோட்டுல வண்டியே போறதில்லைங்களே. அப்புறம் எப்படிங்க ராத்திரித் தாளு இப்படிக் கருத்துக் கெடக்குது? மிஷின்ல ஏதாச்சும் கோளாறுங்களா?"

நியாயமான கேள்விதான். எனக்கும் முதலில் பம்ப் மேல்தான் சந்தேகம். காற்று இழுக்கும் வேகத்தைச் சரிபார்த்தேன், மூன்று வேளையும் ஒரே அளவு. அப்படியானால் புகை கூடவில்லை, புகை பரவ வேண்டிய இடம்தான் சுருங்கியிருக்கிறது.

பகலில் வெயில் தரையைச் சூடாக்குகிறது. தரையைத் தொடும் காற்று சூடாகி மேலே போகும்போது புகையையும் கூடவே தூக்கிக்கொண்டு போய்க் கலக்கிவிடுகிறது. பேச்சுக்கு ஆயிரம் மீட்டர் உயரம் வரை கலக்கிறது என்று வைத்துக்கொள்வோம். இரவில் அந்த உயரம் நூறு மீட்டராகக் குறைந்தால், அதே அளவு புகை பத்தில் ஒரு பங்கு இடத்தில் அடைபடும். வண்டிகள் பாதியாகக் குறைந்தாலும் காற்று பகலைவிட ஐந்து மடங்கு அழுக்காகத்தான் இருக்கும்.

ஏன் சுருங்குகிறது? பொழுது சாய்ந்ததும் தரை தன் சூட்டை வானத்தை நோக்கி விட்டுக்கொண்டே இருக்கும். மேகம் இருந்தால் அதில் ஒரு பங்கைத் திருப்பி அனுப்பும், காற்றில் உள்ள ஈரமும் கொஞ்சம் பிடித்து வைக்கும். வடகிழக்குப் பருவமழை ஓய்ந்த மார்கழி, தை மாதங்களில் வானம் பெரும்பாலும் வெறிச்சென்று கிடக்கிறது, காற்று வறண்டிருக்கிறது, இரவும் நீளம். தரை நன்றாகக் குளிர்ந்து, தன்னைத் தொட்டிருக்கும் காற்றையும் குளிர வைக்கிறது. காற்று வீசினால் இந்தக் குளிர்ச்சி மேலே உள்ள காற்றோடு கலந்துவிடும். அசையாத இரவில் கீழே குளிர், மேலே கதகதப்பு என்று அடுக்கு அப்படியே நின்றுவிடுகிறது. குளிர்காற்று கனமானது, கனமானது கீழே இருக்கும்போது அது மேலே ஏற வழியில்லை. வழக்கமாக மேலே போகப் போகக் குளிர வேண்டியது இங்கே தலைகீழாகிவிடுவதால் இதை வெப்பத் தலைகீழ் மாற்றம் என்கிறோம்.

சேலத்துக்கு இன்னொரு சங்கடமும் உண்டு. சேர்வராயன், நகரமலை, ஜருகுமலை, கஞ்சமலை என்று சுற்றிலும் மலை. சரிவுகளில் குளிர்ந்த காற்று தண்ணீர் மாதிரி கீழே வழிந்து பள்ளத்தில் தேங்குகிறது.

நம்பாதவர்கள் இந்த மாதங்களில் விடியலுக்கு முன்னால் பைக்கில் ஏற்காடு மலைப்பாதையில் ஏறிப் பாருங்கள். அடிவாரத்தில் காது விறைக்கும். சில கொண்டை ஊசி வளைவுகள் தாண்டியதும் முகத்தில் ஒரு வெதுவெதுப்பு படும். அன்று என் வெப்பமானியில் வித்தியாசம் மூன்று டிகிரி. இன்னும் மேலே போனால் மறுபடியும் குளிரும். வெளிச்சம் வந்ததும் வண்டியை ஓரம் கட்டிக் கீழே பார்த்தேன். ஊர்மேல் சாம்பல் நிறத்தில் ஒரு படலம், மேல்விளிம்பு ரசமட்டம் வைத்ததுபோல நேராக இருந்தது.

கீழே இருந்தபடியும் கண்டுபிடிக்கலாம். குப்பை எரியும் புகை கொஞ்சம் எழும்பி, அப்புறம் மேலே போகாமல் பக்கவாட்டில் பட்டையாகப் படர்கிறதா என்று பாருங்கள். தூரத்து ரயில் சத்தம் வழக்கத்தைவிடத் தெளிவாகக் கேட்பதும் ஒரு அடையாளம், மேலே உள்ள வெப்பக்காற்று ஒலியைக் கீழ்நோக்கி வளைக்கிறது.

சூரியன் வந்த உடனே இது கலைவதில்லை. தரை சூடேறி, அடியிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகத்தான் கரையும். அதற்குள் பள்ளிப் பேருந்துகளும் அலுவலக வண்டிகளும் கிளம்பிவிடுகின்றன. போதாததற்கு, இரவெல்லாம் மேலே தங்கியிருந்த உயரமான புகைபோக்கியின் புகையும் அடுக்கு உடையும் அந்த நேரத்தில் தரைக்கு இறங்கலாம். காலை ஒன்பது மணிக்கு முன்னால் நடைப்பயிற்சி போகும் ஆஸ்துமாக்காரர்களிடம் மாலை நான்கரைக்கு மாற்றிக்கொள்ளச் சொல்வது அதனால்தான்.

இது அறிக்கையில் தெரியாது என்பதுதான் என் மனக்குறை. நுண்துகள் பிஎம் 2.5-க்கு நம் நாட்டு வரம்பு கனமீட்டருக்கு 60 மைக்ரோகிராம், அதுவும் 24 மணி நேரச் சராசரி. நல்ல மத்தியானம் மோசமான விடியலை மறைத்துவிடும். முதல் தாளிலேயே காலை 7 மணியின் அழுக்கும் மதியம் 1 மணியின் சுத்தமும் கலந்துதான் இருக்கின்றன.

பெரியவரிடம் இதையெல்லாம் சொல்லிவிட்டு, அவர் விடியற்காலையில் தோட்டத்துத் தென்னஞ்சருகைக் கொளுத்துவதையும் சொன்னேன். கொஞ்சம் யோசித்தார்.

"அப்போ மத்தியானமாக் கொளுத்தட்டுங்களா?"

கொளுத்தாமல் மரத்தடியில் மூடாக்காகப் போடலாமே என்றேன்.

"கரையான் ஏறுமுங்க அம்மிணி" என்றபடி டம்ளரை எடுத்துக்கொண்டு இறங்கினார்.